பெயரைச் சொல்லாமல் வேலையைச் சொல்வது: ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் மொழிபெயர்த்தவர்களுக்கான வழிகாட்டி

மொழிபெயர்ப்பு ஏஜென்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்போது, இதுவரை யாருக்காக, எந்தத் துறையில், எவ்வளவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பதில் உங்களிடம் இருக்கிறது. ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதி என்.டி.ஏ. எனப்படும் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் செய்தது. புதிதாக வருகிறவர்கள் இங்கே இரண்டு வகையில் தவறுகிறார்கள். சிலர் பயந்துபோய் "பல முன்னணி நிறுவனங்களுக்கு மொழிபெயர்த்துள்ளேன்" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வரியிலிருந்து படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. மற்றவர்கள் நிறுவனத்தின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். பெயர் இல்லாமலே அது யார் என்று தெரிந்துவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே எழுதுவது எப்படி என்பதை ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட வேலை இது: சர்க்கரை நோயாளிகள் உடலில் அணியும் இன்சுலின் பம்ப் ஒன்றின் பயனர் கையேடும், அதோடு வரும் கைப்பேசிச் செயலியும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. கையேடு 48,600 சொற்கள், செயலியில் 1,350 வாசகங்கள், 2023 மார்ச் முதல் ஜூலை வரை, இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், ஒரு சரிபார்ப்பாளர். வேலையைக் கொடுத்தது ஏஜென்சி. பம்பைத் தயாரிக்கும் நிறுவனம் ஏஜென்சியின் வாடிக்கையாளர்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

கையெழுத்திட்ட நாளில் மேலோட்டமாகப் பார்த்த ஒப்பந்தத்தை இப்போது நான்கு கேள்விகளோடு படிக்க வேண்டும்.

முதல் கேள்வி, "ரகசியத் தகவல்" என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்? சில ஒப்பந்தங்களில் கோப்புகளும் அவற்றின் உள்ளடக்கமும் மட்டும் வரும். வேறு சிலவற்றில் "இந்த உறவு இருப்பதே" ரகசியம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் ஏஜென்சியின் பெயரைக்கூட அனுமதியில்லாமல் எழுத முடியாது.

இரண்டாவது, பெயரைப் பயன்படுத்துவது பற்றிய பிரிவு. பலர் தவறவிடுவது இதைத்தான், ஏனென்றால் இது பெரும்பாலும் என்.டி.ஏ.வில் இல்லாமல், ஏஜென்சியோடு போட்ட பொதுச் சேவை ஒப்பந்தத்தில் இருக்கும். "எழுத்துமூலமான முன் அனுமதியின்றி எங்கள் பெயரையோ, எங்கள் வாடிக்கையாளர் பெயரையோ, சின்னத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது" என்ற மாதிரி அதில் எழுதியிருக்கும். உங்கள் சுயவிவரமும் விளம்பரம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆகவே இரண்டு ஆவணங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, காலம். ரகசியக் கடமை வேலை முடிந்தபின் 2 ஆண்டு, 5 ஆண்டு என்று தொடரலாம். முடிவே இல்லாமலும் இருக்கலாம். ஒப்பந்தம் முடிந்த தேதியும் கடமை முடியும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நான்காவது, விதிவிலக்கு. ஏற்கெனவே பொதுவெளியில் உள்ள தகவல் ரகசியமாகாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்லும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கையேடு இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கலாம். கையேடு பொதுவெளிக்கு வந்துவிட்டது, ஆனால் அதை மொழிபெயர்த்தது நீங்கள் என்பது வரவில்லை. அந்த ஏஜென்சிக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பு உண்டு என்பதும் வரவில்லை. நீங்கள் எழுதினால் இந்த இரண்டையும் நீங்களே வெளியிட்டவர் ஆவீர்கள். நிறுவனமே தன் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தால்தான் நிலைமை வேறு.

உங்களுக்கு மட்டுமான ஒரு தாள்

அடுத்து, யாருக்கும் அனுப்பாத ஒரு தாளில் அந்த வேலையைப் பற்றி நினைவில் உள்ளதையெல்லாம் எழுதுங்கள். பொருள், நிறுவனம், அளவு, தேதி, கூட வேலை செய்தவர்கள், பயன்படுத்திய மென்பொருள், எதில் சிரமப்பட்டீர்கள், எப்படித் தீர்த்தீர்கள். எழுதிய பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: இது அவர்களுடையதா, என்னுடையதா?

பொருளின் பெயர், வெளியீட்டுத் தேதி, நடைக் கையேட்டின் விதிகள், கலைச்சொல் பட்டியலில் உள்ள சொற்கள், ஒரு சொல்லுக்கு வாங்கிய தொகை ஆகியவற்றை அவர்கள் பக்கம் சேருங்கள். தொகையை எந்த விண்ணப்பத்திலும் எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த முறை, வளர்த்துக்கொண்ட திறமை, செய்த பணியின் வகை ஆகியவை உங்களுடையவை. விண்ணப்பம் இந்த இரண்டாம் பட்டியலிலிருந்துதான் உருவாக வேண்டும்.

செயலியின் எச்சரிக்கை வாசகங்களுக்கு நிறுவனம் ஓர் எழுத்து வரம்பு வைத்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரம்பு எவ்வளவு என்பது அவர்களின் தகவல். ஆனால் தமிழில் எழுத்து வரம்பு எப்படி வேலை செய்கிறது என்பது உங்கள் அறிவு. "நிறுத்து" என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: நி, று, த், து. மென்பொருள் பெரும்பாலும் குறியீடுகளைத்தான் எண்ணும். ந, இகரக் குறி, ற, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி என்று அதற்கு எட்டு. 20 என்று வரம்பு போட்டால் தமிழில் பத்துப் பன்னிரண்டு எழுத்துதான் அடங்கும். இதை அறிந்து வாசகங்களைச் சுருக்கியதாக எழுதினால் நிறுவனத்தைப் பற்றி எதுவும் வெளியாகாது. ஆனால் படிக்கிற சரிபார்ப்பாளருக்கு, உங்களுக்கு உண்மையிலேயே இடைமுக வேலை தெரியும் என்பது உடனே புரியும். பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டிருந்தாலும் அவருக்கு இந்த அளவு தெரிந்திருக்காது.

எந்தப் படியில் நிற்பது

ஒவ்வொரு விவரத்தையும் ஓர் ஏணியாகப் பாருங்கள். கீழ்ப்படியில் மிகக் குறிப்பானது இருக்கும், மேலே போகப் போகப் பொதுவாகும். பம்பை எடுத்துக்கொண்டால் கீழே அதன் வணிகப் பெயர், அதற்கு மேல் "இன்சுலின் பம்ப்", அதற்கு மேல் "நோயாளி தானே அணிந்து பயன்படுத்தும் மருத்துவக் கருவி", அதற்கு மேல் "மருத்துவக் கருவி", உச்சியில் "மருத்துவம்".

"மருத்துவம்" என்று மட்டும் சொன்னால் அது மருந்துச் சீட்டா, ஆய்வுக் கட்டுரையா, கையேடா என்று தெரியாது. "இன்சுலின் பம்ப்" என்றால் ஆபத்து, ஏனென்றால் அதைத் தயாரிக்கும் நிறுவனங்கள் உலகத்திலேயே குறைவு. அவற்றில் தமிழில் கையேடு வெளியிட்டவை இன்னும் குறைவாகவே இருக்கும். ஆகவே மூன்றாம் படி பொருத்தம். அந்த விளக்கத்துக்குள் பல பொருள்களும் பல நிறுவனங்களும் அடங்கும். ஆனாலும் பொதுமக்கள் படிக்கும் எளிய நடை, பாதுகாப்பு எச்சரிக்கைகள், செய்முறைப் படிகள் எல்லாம் பழக்கம் என்பதை அது சொல்லிவிடுகிறது.

தமிழ் போன்ற மொழிகளில் வேலை செய்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளில் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் கையேடு வருகிறது. அங்கே மொழியின் பெயரை வைத்து நிறுவனத்தை ஊகிப்பது கடினம். ஒரு வகைப் பொருளில் ஒன்றிரண்டு நிறுவனங்கள் மட்டுமே தமிழில் வெளியிட்டிருந்தால், "ஆங்கிலம்–தமிழ்" என்பதே பாதி அடையாளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மொழிகளை மறைக்க முடியாது, விண்ணப்பத்தின் அடிப்படையே அதுதான். அதனால் மற்ற விவரங்களை ஒரு படி மேலே ஏற்றித்தான் ஈடுகட்ட வேண்டும்.

அளவுக்கும் இதே கணக்குதான். 48,600 சொற்கள் என்று துல்லியமாக எழுதினால், வெளியான கையேட்டின் சொற்களை எண்ணி ஒப்பிட்டுப் பார்க்க முடியும். "சுமார் 50,000 சொற்கள்" போதும். தேர்வு செய்கிறவருக்கு வேண்டியது, நீங்கள் கையாண்டது 5,000 சொல்லா 50,000 சொல்லா என்ற அளவு மட்டும்தான். தேதியில் மாதத்தை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்த மாதத்துக்கு அடுத்து ஒரு பொருள் சந்தைக்கு வந்திருந்தால் இரண்டையும் இணைப்பது எளிது. "2023" என்று எழுதலாம். அதே ஏஜென்சிக்குச் செய்த பிற வேலைகளோடு சேர்த்து "2021–2024" என்று எழுதினால் இன்னும் நல்லது.

"உலகின் முதல்", "மிகப்பெரிய", "விருது பெற்ற" போன்ற அடைமொழிகளை எழுதவே வேண்டாம். முதலாவது என்று ஒன்றுதான் இருக்க முடியும். அது பெயரைச் சொல்வதற்குச் சமம். நிறுவனத்தின் தலைமையகம் உள்ள நாடும் அப்படித்தான்.

மறைப்பதற்காகப் பொய் எழுதுவதும் கூடாது. பம்பைக் குருதியழுத்தக் கருவி என்று மாற்றுவது, நிறுவனத்துக்குக் கற்பனைப் பெயர் வைப்பது, மருத்துவ வேலையை வாகன வேலை என்று எழுதுவது எல்லாம் விண்ணப்பத்தில் தவறான தகவல் கொடுப்பதாகும். நேர்காணலில் அதைத் தொட்டு இரண்டு கேள்வி கேட்டாலே வெளிப்பட்டுவிடும். பொதுமைப்படுத்தினால், எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கும்.

எழுதிப் பார்ப்போம்

முதல் வரைவு பலரிடம் இப்படித்தான் வரும்:

"உலகப் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் புதிய இன்சுலின் பம்புக்கான கையேடு (48,600 சொற்கள்) மற்றும் செயலி (1,350 வாசகங்கள்), மார்ச்–ஜூலை 2023."

இதில் நிறுவனத்தின் பெயர் இல்லை. ஆனால் "புதிய", "இன்சுலின் பம்ப்", "செயலி", தமிழ், 2023 ஜூலை ஆகிய ஐந்தையும் சேர்த்தால் தேடுபவருக்கு ஒரே பொருள்தான் மிஞ்சும். போதாததற்கு, நீங்கள் அதில் என்ன செய்தீர்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. அடையாளத்தை முழுக்கக் கொடுத்துவிட்டு, திறமையைச் சொல்லாமல் விட்ட வரி இது.

திருத்திய பின்:

"நோயாளிகள் தாங்களே பயன்படுத்தும் மருத்துவக் கருவிக்கான பயனர் ஆவணங்களும் மென்பொருள் இடைமுகமும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, 2023. சுமார் 50,000 சொற்கள், மூவர் குழு. முதன்மை மொழிபெயர்ப்பாளராகக் கலைச்சொல் பட்டியலைத் தொடங்கிப் பராமரித்தேன். எச்சரிக்கை, முன்னெச்சரிக்கை, குறிப்பு என்ற மூன்று அபாய நிலைகளுக்கும் ஆவணம் முழுதும் ஒரே சொல் வருமாறு ஒழுங்குபடுத்தினேன். குறுகிய திரைக்கான வாசகங்களைக் குறியீட்டு எண்ணிக்கைக்குள் சுருக்கினேன். வாடிக்கையாளர் விவரம் ரகசியக்காப்பு ஒப்பந்தத்துக்கு உட்பட்டது."

இங்கே வினைச்சொற்களைக் கவனியுங்கள்: தொடங்கினேன், பராமரித்தேன், ஒழுங்குபடுத்தினேன், சுருக்கினேன். வாடிக்கையாளரைப் பற்றிய பெயர்ச்சொற்கள் குறைந்த இடத்தை உங்கள் வினைகள் நிரப்புகின்றன. மூன்று அபாய நிலைகள் என்பது கருவிக் கையேடுகளில் பொதுவாகக் காணும் வழக்கம், ஒரு நிறுவனத்தின் ரகசியம் இல்லை. கடைசி வரியை ஒருமுறை எழுதினால் போதும். பல வேலைகள் இருந்தால் பட்டியலின் தலைப்பில் போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் கீழே "ரகசியம்" என்று திரும்பத் திரும்ப எழுதினால் படிப்பவருக்குச் சலிப்பு வரும்.

இப்போது சோதனை. திருத்திய வரியில் உள்ள சொற்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் தேடுபொறியில் இடுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சேர்க்காதீர்கள். முதல் பக்கத்தில் அந்தப் பொருளே வந்து நின்றால், ஏதோ ஒரு விவரம் இன்னும் கீழ்ப்படியில் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தேடினால் எது காட்டிக்கொடுக்கிறது என்று தெரியும். நண்பரிடம் கொடுத்து "யார் என்று கண்டுபிடி" என்று சோதிக்க வேண்டாம். அவர் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சோதனையே மீறலாகிவிடும்.

அனுமதி கேட்பது

ஒப்பந்தம் தெளிவாக இல்லாவிட்டால் ஏஜென்சியின் ப்ராஜெக்ட் மேனேஜரிடம் கேளுங்கள். இறுதி வாடிக்கையாளருக்கு நேரடியாக எழுதாதீர்கள். அப்படி எழுதுவது பல ஏஜென்சி ஒப்பந்தங்களில் தனியாகவே தடைசெய்யப்பட்டிருக்கும். "இந்த வேலையைக் குறிப்பிடலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், பொறுப்பேற்க விரும்பாமல் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். எழுதப்போகும் வாசகத்தையே வைத்துக் கேட்க வேண்டும்:

"வணக்கம். உங்கள் மூலம் செய்த மருத்துவக் கருவிப் பணியை என் சுயவிவரத்தில் கீழே உள்ள வாசகத்தில் மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். வாடிக்கையாளரின் பெயரோ பொருளின் பெயரோ இதில் இல்லை. இதில் மாற்ற வேண்டியது ஏதும் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. தொலைபேசியில் "சரி" என்று சொன்னாலும், அன்றே "நீங்கள் சொன்னபடி இந்த வாசகத்தைப் பயன்படுத்துகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மின்னஞ்சலில் அனுபவச் சான்றும் கேட்கலாம். ஐ.எஸ்.ஓ. 17100 என்ற மொழிபெயர்ப்புச் சேவைத் தரத்தின்படி இயங்கும் ஏஜென்சிகள், மொழிபெயர்ப்பில் பட்டம் இல்லாதவர்களிடம் அனுபவத்துக்கு ஆதாரம் கேட்கும். வேறு துறைப் பட்டம் இருந்தால் 2 ஆண்டு முழுநேர அனுபவம், பட்டமே இல்லாவிட்டால் 5 ஆண்டு என்பது அந்தத் தரத்தின் கணக்கு. இதற்கு வாடிக்கையாளர் பெயர் தேவையில்லை. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த மொழிகளில், எந்தத் துறைகளில், தோராயமாக எத்தனை சொற்கள் என்று ஏஜென்சி ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

அந்தக் கடிதத்துக்குப் பதிலாகப் பழைய இன்வாய்ஸ்களை அனுப்புகிறவர்கள் உண்டு. அதில் ப்ராஜெக்ட் பெயர், ஆர்டர் எண், தொகை எல்லாம் இருக்கும். பி.டி.எஃப். கோப்பில் கறுப்புப் பெட்டி வரைந்து மறைத்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். யாராவது அந்த இடத்தைத் தேர்ந்து நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் பெயர் வந்துவிடும். வேறு வழியில்லாமல் அனுப்பத்தான் வேண்டும் என்றால், மறைத்தபின் பக்கத்தைப் படமாக மாற்றி, அந்தப் படத்திலிருந்து புதிய பி.டி.எஃப். செய்து அனுப்புங்கள். அனுப்புமுன் கறுப்புப் பகுதியை நீங்களே நகலெடுத்துப் பாருங்கள்.

மாதிரி மொழிபெயர்ப்பு

மாதிரி கேட்டால் வாடிக்கையாளரின் பத்தியைப் பெயர் மாற்றிக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் மீறல். பெயரை மாற்றினாலும் வாக்கியம் அவர்களுடையது. ஆங்கில வாக்கியத்தை அப்படியே தேடினால் மூலக் கையேடு கிடைத்துவிடும். அதே வகையில் பொதுவெளியில் உள்ள வேறொரு ஆவணத்திலிருந்து 250 முதல் 300 சொற்கள் கொண்ட பகுதியை எடுத்துப் புதிதாக மொழிபெயர்த்துக் கொடுங்கள். மறுபயன்பாட்டுக்கு அனுமதி தரும் உரிமத்தில் வெளியான ஆவணமாக இருந்தால் பதிப்புரிமைச் சிக்கலும் வராது. எச்சரிக்கையும் செய்முறைப் படிகளும் உள்ள பகுதியாகத் தேர்ந்தால், விண்ணப்பத்தில் சொன்ன திறமை மாதிரியிலும் தெரியும்.

மாதிரியை எழுதப் பழைய வேலையின் கோப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டுத் தட்டச்சு செய்யாதீர்கள். வேர்ட் கோப்பின் பண்புகளில் பழைய தலைப்பும் நிறுவனப் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். மொழிபெயர்ப்பு மென்பொருளின் இருமொழிக் கோப்புகள் இன்னும் மோசம். எக்ஸ்லிஃப் கோப்பை நோட்பேடில் திறந்தால் தொடக்கத்திலேயே இப்படி ஒரு வரி வரும்:

```
<file original="C:\Jobs\CLIENTNAME\UserGuide_v3.docx"
      source-language="en-US" target-language="ta-IN">
```

மூலக் கோப்பு இருந்த கோப்புறையின் பெயர் அதில் முழுதாகப் பதிந்திருக்கிறது. வாடிக்கையாளர் பெயரில் கோப்புறை வைத்திருந்தால் அதுவும் கூடவே போகும். புதிய வெற்றுக் கோப்பில் எழுதி, பி.டி.எஃப்.ஆக அனுப்புங்கள். மொழிபெயர்ப்பு நினைவகத்தையும் கலைச்சொல் பட்டியலையும் யாருக்கும் காட்ட வேண்டாம், திரைப்பிடிப்பாகக்கூட.

நேர்காணலில்

"யாருக்காகச் செய்தீர்கள்?" என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: "வாடிக்கையாளர் பெயர் ஒப்பந்தத்தின்படி ரகசியம். வேலை எப்படி நடந்தது என்று விளக்குகிறேன்." உடனே கலைச்சொற்களை எப்படி முடிவுசெய்தீர்கள், சரிபார்ப்பாளரோடு கருத்து வேறுபட்டால் என்ன செய்தீர்கள் என்று பேச்சைத் தொடருங்கள். கேட்கிறவரும் நாளை உங்களிடம் ஒப்பந்தம் போடப்போகிறவர்தான், இந்தப் பதிலை அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சிலர் ஊகித்துக் கேட்பார்கள்: "இந்த நிறுவனம்தானே?" இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஊகம் தவறாக இருந்தாலும் "இல்லை" என்று சொல்லாதீர்கள். முதல் இரண்டு பெயருக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு மூன்றாவதற்கு "சொல்ல முடியாது" என்றால், மூன்றாவதுதான் சரி என்று சொன்னதாக ஆகிவிடும். எந்தப் பெயர் வந்தாலும் "சரி என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது" என்ற ஒரே பதில்தான்.

இணைய விண்ணப்பப் படிவங்களில் "வாடிக்கையாளர் பெயர்" கட்டாயப் புலமாக இருந்தால் "ரகசியம் (மருத்துவக் கருவித் துறை)" என்று நிரப்புங்கள். அனுப்பிய ஒவ்வொரு வாசகத்தையும் தேதியோடு ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். ஒரு விண்ணப்பத்தில் மாதத்தையும், இன்னொன்றில் பொருளின் வகையையும், பொதுப் பக்கத்தில் உள்ள சுயவிவரத்தில் ஏஜென்சியின் பெயரையும் எழுதினால், தனித்தனியே பார்க்க ஆபத்தில்லாத மூன்றும் சேர்ந்து நிறுவனத்தைக் காட்டிவிடும். ஒரு வேலைக்கு ஒரே வாசகம் என்று வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே ஒட்டுங்கள். மாற்ற நேர்ந்தால் எல்லா இடத்திலும் மாற்றிவிட்டு, தேடுபொறிச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.